டவுன்ஹால்ல "எங்க வேலை இருக்குமா"ன்னு கேட்டா என்ன சொல்றது? எழுதி வெச்ச பதில் ஒத்திகைலயே நிக்கல

ஒரகடம்_எச்ஆர்

வணக்கம் எல்லாருக்கும். ஒரகடம் பக்கம் ஒரு டை காஸ்டிங் கம்பெனில எச்ஆர்ல இருக்கேன், பர்மனென்ட் 410 பேர், கான்ட்ராக்ட்ல ஒரு 250 பேர். அடுத்த வியாழக்கிழமை ஏ ஷிஃப்ட் முடிஞ்சு பி ஷிஃப்ட் ஏறுற நேரத்துல, 2:30 மணிக்கு, கேன்டீன்ல டவுன்ஹால். பிளான்ட் ஹெட் பேசப்போறாரு.

விஷயம் என்னன்னா போன மாசம் வெளிய இருந்து ரெண்டு பேர் வந்து லைன் ரெண்டுல மெஷினோட ஃபவுண்டேஷன் போல்ட் இடைவெளி எல்லாம் டேப் வெச்சு அளந்து போட்டோ எடுத்துட்டு போனாங்க. அன்னைக்கு சாயங்காலமே லைன் குஜராத்துக்கு போகுது, சானந்த்ல இடம் பாத்தாச்சுன்னு வாட்ஸ்அப் குரூப் பூரா ஓடுது. ஆய்வு நடக்கறது உண்மைதான், முடிவு எடுக்கல, அதுவும் உண்மை.

நான் 22 கேள்வி எழுதி ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதி 9 பக்கம் சார் கையில கொடுத்தேன். நேத்து ஒத்திகை. அக்கவுன்ட்ஸ்ல ஒரு அண்ணனை தொழிலாளி மாதிரி கேக்க சொன்னோம், அவர் என் பேப்பரைப் பாக்காம மனசுல தோணினதைக் கேட்டாரு: "சார், ஜூன்ல வீட்டு லோன் போடலாம்னு இருக்கேன், போடலாமா?" அவ்ளோதான். சார் பேப்பரைப் புரட்டுறாரு, புரட்டுறாரு, கடைசில ஏழாவது பதிலைப் படிச்சாரு, அது எதிர்கால விரிவாக்கம் பத்தினது. அந்த ரூம்ல இருந்த நாலு பேரும் தலையைக் குனிஞ்சுட்டோம். இன்னும் 40 கேள்வி சேத்து எழுதலாமா, இல்ல வேற வழி இருக்கா?

பெஞ்ச்_டு_ப்ராஜெக்ட்

ப்ரோ 40 எல்லாம் வேணாம், மூணே மூணு மெசேஜ் போதும். எங்க கம்பெனில மீடியா ட்ரெய்னிங் கொடுத்தாங்க, எந்தக் கேள்வி வந்தாலும் "நல்ல கேள்வி, உங்க கவலை புரியுது"ன்னு சொல்லிட்டு அப்படியே பாலம் போட்டு நம்ம மெசேஜுக்கு வந்துரணும். ஆர்டர் புக் நல்லா இருக்கு, பிளான்ட் மேல நம்பிக்கை இருக்கு, எல்லாரும் சேந்து உழைப்போம். லோன் கேள்விக்கும் இதே பதில்தான்.

லேத்_குமார்

தம்பி நான் கீழ உக்காந்து கேக்கற ஆளு, 19 வருஷமா. லோன் போடலாமான்னு கேட்டவன்கிட்ட ஆர்டர் புக் நல்லா இருக்குன்னு சொன்னா அவன் வெளிய வந்து என்ன சொல்லுவான் தெரியுமா, "கண்ணைப் பாத்து பதில் சொல்லல, அப்ப போகுதுதான்"ன்னு சொல்லுவான்.

அம்பத்தூர்_பழையவர்

ஒரகடம் தம்பி, 31 வருஷம் பர்சனல் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன் நான். நீங்க எழுதுன 22 கேள்வியும் கம்பெனி பாஷைல இருந்திருக்கும், "லைன் மாற்றம் குறித்து நிர்வாகத்தின் நிலைப்பாடு என்ன"ங்கற மாதிரி. தொழிலாளி அப்படி கேக்க மாட்டான். லோன், பொண்ணு கல்யாணம், பையன் ஸ்கூல் ஃபீஸ்னு தன் வீட்டு வழியாத்தான் கேப்பான். ஒரே பயம், ஆயிரம் வடிவம். அதனால 62 எழுதினாலும் 63ஆவதுதான் வரும்.

பெஞ்ச் தம்பி சொல்றதுல பாதி சரி. மூணு விஷயத்தை மனசுல தெளிவா வெச்சுக்கறது நல்லதுதான். ஆனா அந்தப் பாலம் போடுற வித்தை டிவி நிருபருக்குத்தான், அவர் நாளைக்கு உங்களைப் பாக்கப்போறதில்ல. கேன்டீன்ல உக்காந்திருக்கறவன் நாளைக்குக் காலைல 6 மணிக்கு கேட்ல நிப்பான்.

பதிலை எழுதாதீங்க, பதில் எதுக்குள்ள அடங்கணுமோ அந்த விதியை எழுதுங்க. மூணு இல்ல நாலு, அதுக்கு மேல வேணாம். அது நெஜமான விதியா வெறும் கோஷமான்னு கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. அந்த விதிக்குப் பக்கத்துல, "இதனால நான் சொல்லவே கூடாத வாக்கியம் எது"ன்னு ஒண்ணு எழுதணும். "வெளிப்படையா இருப்போம்"னு எழுதிப் பாருங்க, அது எதையுமே தடுக்காது, எந்தப் பதிலையும் அதுக்குள்ள திணிக்கலாம். "என் கையில இல்லாததுக்கு வாக்கு கொடுக்க மாட்டேன்"னு எழுதிப் பாருங்க, உடனே "ஒருத்தருக்கும் வேலை போகாது"ங்கற வாக்கியம் அடிபட்டுப் போகுது. அதுதான் விதி.

புதுசு_2024

எனக்கும் இதே பிரச்சனை சார், இன்டர்வியூல உங்க பலவீனம் என்னன்னு கேட்டா மனப்பாடம் பண்ணதெல்லாம் மறந்துடுது. அதுக்கும் நாலு விதி சொல்லுங்க ப்ளீஸ்.

அம்பத்தூர்_பழையவர்

தம்பி அது வேற, அங்க உங்களைப் பத்தி மட்டும்தான் பேச்சு. இங்க ஒருத்தர் வாய்ல வர்ற வார்த்தையை நம்பி 600 குடும்பம் முடிவு எடுக்கும். தனி இழை போடுங்க, அங்க வந்து எழுதறேன்.

கம்ஸ்_மீனா

பத்து வருஷமா இன்டர்னல் கம்யூனிகேஷன்ல இருக்கேன். ஐயா சொல்றதோட ஒண்ணு சேக்கணும். தப்பு நடக்கறது எப்பவுமே தகவல் இல்லாததால இல்ல. 2023ல அமெரிக்கால மில்லர்நோல்னு ஃபர்னிச்சர் கம்பெனியோட சிஇஓ ஆண்டி ஓவன் ஆன்லைன் டவுன்ஹால்ல, போனஸ் இல்லாம எப்படி உற்சாகமா வேலை செய்யறதுன்னு ஊழியர்கள் கேட்டதுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சு, முதல்ல நிதானமாத்தான் போச்சு, கடைசில குரல் ஏறி, புலம்பல் ஊரை விட்டு வெளிய வாங்கங்கற மாதிரி சொல்லிட்டாங்க. ஏப்ரல்ல அந்த துண்டு வீடியோ உலகம் பூரா சுத்துச்சு, அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2021 பிப்ரவரில, கேபிஎம்ஜிங்கற ஆடிட் கம்பெனியோட பிரிட்டன் தலைவர் பில் மைக்கேல் ஆன்லைன் மீட்டிங்ல ஊழியர்களைப் புலம்பறதை நிறுத்துங்கன்னு சொல்லி அந்த மாசமே பதவியை விட்டாரு.

ரெண்டு பேரும் சறுக்கினது ஒரே இடத்துல, கேள்விக்கு பதில் சொல்லாம கேட்டவங்களைத் திருத்தப் போனாங்க. அதனால நான் கண்டிப்பா வைக்கற விதி இது, "கேட்டவர் ஏன் கேட்டார்னு பேச மாட்டேன்." இது தடுக்கற வாக்கியம், "இந்த மாதிரி வதந்தியை யார் கெளப்பறாங்கன்னு எனக்குத் தெரியும்." ஒரகடம், உங்க பிளான்ட் ஹெட் இதை சொல்லக்கூடியவரா?

ஒரகடம்_எச்ஆர்

சொல்லக்கூடியவர்தான் மேடம். போன டவுன்ஹால்லயே கிட்டத்தட்ட சொன்னாரு.

கோவை_வக்கீல்

லேபர் கேஸ் நடத்தறேன். முதல்ல ஒண்ணு, உங்க தாய் கம்பெனி ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆனதா?

ஒரகடம்_எச்ஆர்

ஆமா சார்.

கோவை_வக்கீல்

அப்ப கவனம். லைன் மாத்தறது ஷேர் விலையை அசைக்கற அளவு பெருசா இருந்தா அது செபியோட 2015 விதிப்படி வெளிவராத தகவல், பிளான்ட் ஹெட் கேன்டீன்ல மைக் பிடிச்சு விவரம் சொன்னா அவருக்கே சிக்கல். ஆனா எல்லாத்துக்கும் இதைக் காரணம் காட்டறதும் தப்பு, ஒரு பெரிய கம்பெனில ஒரு லைன் அந்த அளவுக்கு வருமா வராதான்னு கம்ப்ளையன்ஸ் ஆபீசர்தான் சொல்லணும். இன்னைக்கே மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க: "ஆய்வு நடக்குது, முடிவு எடுக்கல" இந்த ரெண்டு வாக்கியம் மட்டும் சொல்லலாமான்னு.

ரெண்டாவது, இதுதான் நிறைய பேர் மாட்டற இடம். டவுன்ஹால்ல எல்லா மேனேஜரும் ஆசையா சொல்ற ஒரு விதி இருக்கு, "எது நடந்தாலும் நீங்கதான் முதல்ல கேப்பீங்க." கேக்க நல்லா இருக்கு. ஆனா போர்டு மீட்டிங்ல முடிவாச்சு, அது பெரிய விஷயம்னா, மீட்டிங் முடிஞ்ச 30 நிமிஷத்துல எக்ஸ்சேஞ்சுக்கு சொல்லியாகணும், மார்க்கெட் நேரம் முடிஞ்சப்புறம் மீட்டிங் முடிஞ்சா 3 மணி நேரம். உங்க ஆளுங்க போன்ல பாத்துடுவாங்க, சார் அப்புறம்தான் கேன்டீனுக்கு வருவாரு. காப்பாத்த முடியாத விதியை வெச்சா அது பொய்தான்.

அம்பத்தூர்_பழையவர்

வக்கீல் சார் சொல்றது ரொம்ப சரி, என் காலத்துல இந்த 30 நிமிஷம் கிடையாது, நான் "முதல்ல நீங்க"ன்னுதான் எழுதியிருப்பேன். மாத்தி இப்படி வைக்கலாம், "வெளிய அறிவிச்ச அதே ஷிஃப்ட்ல உங்க முன்னாடி நான் நேர்ல நிப்பேன்." இது அவர் கையில இருக்கு.

பெஞ்ச்_டு_ப்ராஜெக்ட்

ஓகே நான் மீடியா ட்ரெய்னிங்கை அப்படியே இங்க கொண்டுவந்தது தப்புதான். ஆனா ஒரு சந்தேகம், "அதைப் பத்தி சொல்ல முடியாது"ன்னு சொன்னாலே ஏதோ இருக்குன்னு அர்த்தம் ஆயிடாதா? எங்க கம்பெனில முன்னாடி எல்லா டவுன்ஹால்லயும் "ஆள்குறைப்பு இல்ல"ன்னு அடிச்சு சொல்லுவாங்க, ஒரு தடவை மட்டும் "கருத்து சொல்ல இயலாது"ன்னாங்க. அன்னைக்கு நைட்டே எல்லாரும் ரெஸ்யூமே அப்டேட் பண்ணோம், ஆறு வாரத்துல மெயில் வந்துச்சு.

கம்ஸ்_மீனா

அருமையான பாயின்ட். அதனாலதான் இது வரிய மாத்தற விஷயம் இல்ல, பழக்கத்தை மாத்தற விஷயம். ஒண்ணுமே நடக்காத காலத்துல கூட "லைன் இடமாற்றம், ஆள் எண்ணிக்கை பத்தி முடிவாகற வரைக்கும் ஆமான்னும் சொல்ல மாட்டோம், இல்லன்னும் சொல்ல மாட்டோம்"னு ஒவ்வொரு டவுன்ஹால்லயும் சொல்லிட்டே வரணும், அப்பதான் அந்த மௌனத்துக்கு அர்த்தம் இருக்காது. ஒரகடத்துக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல, இந்த தடவை அதோட விலையைக் கொடுத்துத்தான் ஆகணும்.

இன்னொண்ணு, "தெரியாது"ங்கறதும் "சொல்ல முடியாது"ங்கறதும் வேற வேற. தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொன்னா, அவருக்கு அது தெரிய வந்த தேதி அப்புறம் எதாவது ஒரு பேப்பர்ல வெளிய வரும், அப்ப அவர் சொன்ன உண்மை எல்லாமும் சேந்து செத்துடும்.

லேத்_குமார்

நானும் ஒண்ணு சொல்லிடறேன். "இப்போதைக்கு"ங்கற வார்த்தையை சொல்லாதீங்க. "இப்போதைக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல"ன்னு சொன்னா எங்க காதுல "இன்னும் கொஞ்ச நாள்ல இருக்கு"ன்னுதான் விழும். முன்ன இருந்த கம்பெனில அப்படித்தான் சொன்னாங்க, அதுக்கு முன்னாடி ஒருத்தர் நெஞ்சுல கை வெச்சு ஒருத்தர் கூட போக மாட்டீங்கன்னாரு. அதை நம்பி நான் சீட்டு எடுத்து வீட்டுக்கு மாடி போட்டேன். அஞ்சு மாசத்துல செட்டில்மென்ட் பேப்பர் நீட்டினாங்க. அந்த மனுஷனுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு இப்ப தோணுது, ஆனா தெரியாததை ஏன் சொன்னாரு?

ஒரகடம்_எச்ஆர்

குமார் அண்ணே, நீங்க எழுதினதை சாருக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

கம்ப்ளையன்ஸ்ல கேட்டுட்டேன், அந்த ரெண்டு வாக்கியம் சொல்லலாம், ஊர் பேரும் கஸ்டமர் பேரும் கூடாதுன்னு மெயில் வந்துருச்சு. 9 பக்கத்தை எடுத்து வெச்சுட்டு இப்ப ஒரே ஒரு அட்டைல நாலு எழுதியிருக்கோம், ஒவ்வொண்ணுக்கும் கீழ அது தடுக்கற வாக்கியம்:

என் கையில இல்லாததுக்கு வாக்கு இல்ல. தடுக்கறது: "யாருக்கும் வேலை போகாது."

தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். தடுக்கறது: "அளவு எடுத்தது சும்மா மெயின்டெனன்ஸுக்கு."

கேட்டவர் ஏன் கேட்டார்னு பேச மாட்டேன். தடுக்கறது: "வதந்தியை நம்பாதீங்க."

முடிவு தேதி சொல்ல மாட்டேன், அடுத்து பேசற தேதி சொல்லுவேன். தடுக்கறது: "சீக்கிரமே தெரிவிக்கப்படும்."

அம்பத்தூர்_பழையவர்

நாலாவது ரொம்ப நல்லா இருக்கு, முடிவு போர்டு கையில, பேசற தேதி அவர் கையில. அந்த தேதில புதுசா சொல்ல ஒண்ணும் இல்லன்னாலும் வந்து நின்னு "இன்னும் முடிவாகல"ன்னு சொல்லணும், அதைத் தவற விட்டா இந்த அட்டையே வேஸ்ட்.

இப்ப லோன் கேள்வியை இந்த நாலுல போட்டுப் பாருங்க. லோன் போடுன்னும் சொல்லக்கூடாது, போடாதன்னும் சொல்லக்கூடாது. அவர் வார்த்தைல இப்படி வரலாம்: "லோன் போடுங்கன்னு சொல்ற அளவுக்கு உறுதி என்கிட்ட இல்லங்க, அதனால சொல்ல மாட்டேன். லைன் ரெண்டை மாத்தலாமான்னு ஒரு ஆய்வு நடக்குது, அளவு எடுக்க வந்தது அதுக்குத்தான். முடிவு எடுக்கல. அடுத்த மாசம் 12ந்தேதி இதே இடத்துல நிப்பேன். ஒரு மாசம் தள்ளிப்போட முடிஞ்சா தள்ளிப்போடுங்க, முடியலன்னா நீங்க இதெல்லாம் தெரிஞ்சு முடிவு எடுக்கறீங்க." இதை மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, இது ஒரு உதாரணம்தான்.

ஒத்திகையும் மாத்தணும். ஒரே பயத்தை அஞ்சு பேர் அஞ்சு விதமா கேக்கட்டும், ஒருத்தர் அழுகை வர்ற மாதிரி, ஒருத்தர் கோவமா, ஒருத்தர் சட்டம் பேசி. ஒவ்வொரு தடவையும் அவர் வேற வார்த்தைல பதில் சொல்லணும், அஞ்சு பதிலும் ஒண்ணுக்கொண்ணு முட்டக்கூடாது. முட்டினா விதில ஓட்டை இருக்கு, ஆள் மேல தப்பு இல்ல.

கோவை_வக்கீல்

எல்லாமே விதில விட்டுடாதீங்க, சில இடத்துல வார்த்தை மாறவே கூடாது, அங்க எழுதினதைப் பாத்துப் படிக்கறதுதான் மரியாதை. நோட்டீஸ் நாள், இழப்பீட்டுக் கணக்கு, தேதி, இதெல்லாம் வாய்ல வர்ற மாதிரி சொல்லக்கூடாது. சர்வீஸ் நிபந்தனையை மாத்தணும்னா 21 நாள் நோட்டீஸ், ஆள் குறைக்கணும்னா இந்த அளவு ஃபேக்டரிக்கு அரசு அனுமதி வேணும், பழைய சட்டத்துல 100 பேர் வரம்பு, புது லேபர் கோட்ல 300, உங்களுக்கு 410 பேர் இருக்கறதால எப்படியும் வேணும். யாராவது கேட்டா படிக்கட்டும். ஆனா கேக்காமலே இதை ஆறுதலா எடுத்து விடக்கூடாது, அனுமதி பேச்சை எடுத்தாலே விண்ணப்பம் ரெடின்னு நெனைப்பாங்க. யூனியன் செகரட்டரிகிட்ட முதல் நாளே பேசிடுங்க, அவர் கேன்டீன்ல முதல் தடவையா கேக்கற மாதிரி வெச்சுடாதீங்க.

கான்ட்ராக்ட் ஆளுங்க கேள்விக்கு ஜாக்கிரதை. "உங்களையும் நான் பாத்துக்கறேன்"னு பிளான்ட் ஹெட் சொல்லக்கூடாது, நாளைக்கு அவங்க நேரடி ஊழியர்தான்னு கேஸ் வந்தா அந்த வீடியோவே எக்ஸிபிட் ஆகும்.

லேத்_குமார்

சார் அப்ப அந்த 250 பேர் எதுக்கு அங்க உக்காரணும்? முதல்ல போறது அவங்கதான்னு எல்லாருக்கும் தெரியும்.

கோவை_வக்கீல்

நியாயம்தான். சட்டப்படி நான் சொல்றது சரி, மனுஷத்தனமா என்கிட்ட நல்ல பதில் இல்ல.

ஒரகடம்_எச்ஆர்

நேத்து நடந்துச்சு. சார் கையில அந்த அட்டை மட்டும்தான், அதையும் சட்டைப் பையில வெச்சுட்டாரு.

யாரும் லோன் கேக்கல. லைன் ரெண்டுல ட்ரிம்மிங் பிரஸ் ஓட்டற ஒரு அக்கா எழுந்து, "சார், என் புள்ளைய இங்க ஒரகடத்துல ஸ்கூல்ல சேக்கட்டுமா, இல்ல எங்க ஊர்ல அம்மா கிட்டயே விட்டுடட்டுமா?"ன்னு கேட்டாங்க. சார் ஒரு ரெண்டு செகண்ட் சும்மா நின்னாரு. அப்புறம் "இதுக்கு நான் பதில் சொன்னா அது உறுதி மாதிரி ஆயிடும்மா, அந்த உறுதி என்கிட்ட இல்ல"ன்னு ஆரம்பிச்சு, ஆய்வு, அளவு எடுத்தது, முடிவாகலன்னு எல்லாம் சொல்லி, 12ந்தேதி 2:30க்கு இங்க நிப்பேன்னு முடிச்சாரு. கைதட்டல் எல்லாம் இல்ல, ஆனா அதுக்கப்புறம் கேள்வி தெளிவா வந்துச்சு, சத்தம் போடல.

ஒரு இடத்துல சறுக்கினாரு. மூணாவது ஆள் கோவமா கேட்டப்ப "பாருங்க, இப்போதைக்கு..."ன்னு ஆரம்பிச்சுட்டாரு, உடனே நிறுத்தி "அந்த வார்த்தை வேணாம், திரும்ப சொல்றேன்"னு சொன்னாரு. முன் வரிசைல ரெண்டு பேர் சிரிச்சாங்க.

கம்ஸ்_மீனா

நிறுத்தி மாத்தினது நல்லது. இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க, டவுன்ஹாலுக்கு வராத சி ஷிஃப்ட் ஆளுங்க ஆறு பேர்கிட்ட தனித்தனியா "சார் என்ன சொன்னாராம்?"னு கேளுங்க. ஆறு பேரும் ஒரே விஷயத்தை வேற வார்த்தைல சொன்னா போய் சேந்துருக்கு. பாதி பேர் "போகுதாம்", பாதி பேர் "போகலையாம்"னா சேரல.

ஒரகடம்_எச்ஆர்

நைட்டு கேட்டேன் மேடம். நாலு பேர் "ஆய்வு நடக்குது, 12ந்தேதி சொல்றாராம்"னாங்க. ஒருத்தர் "போகுதுன்னு ஒத்துக்கிட்டாராம்"னாரு. ஆறாவது ஆள் கான்ட்ராக்ட், அவர் "எங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையாம்"னு மட்டும் சொன்னாரு.

அது உண்மைதான், கேட்டப்ப "கான்ட்ராக்டர்கிட்ட பேசறேன்"னு மட்டும்தான் சார் சொன்னாரு, நாங்கதான் அப்படி சொல்ல சொன்னோம். 12ந்தேதிக்குள்ள அதுக்கு ஒரு விதி எழுதணும், வக்கீல் சார், குமார் அண்ணே, ரெண்டு பேரும் ஒத்துக்கற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தா சொல்லுங்க.

லேத்_குமார்

அந்த கான்ட்ராக்டரையும் 12ந்தேதி கேன்டீன்ல சார் பக்கத்துல நிக்க வைங்க தம்பி. அவங்க கேள்வியை அவர்கிட்டயே கேக்கட்டும்.

கோவை_வக்கீல்

அதுல சட்டச் சிக்கல் எனக்குத் தெரிஞ்சு இல்ல. கான்ட்ராக்டர் வருவாரான்னுதான் பாக்கணும்.